டைல் தரையில் நகரும் வாஷிங் மெஷின்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மாடி வீட்டின் டைல் தரையில் வாஷிங் மெஷின் இடம்விட்டு நகர்ந்தால், எல்லோரும் முதலில் வாங்குவது ரப்பர் பேடு. நான் சரிசெய்யப் போகும் வீடுகளில் பெரும்பாலும் பேடு ஏற்கெனவே காலடியில்தான் இருக்கிறது. மெஷினும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பேடு இரண்டு வேலைகளை நன்றாகச் செய்யும். வழுவழுப்பான டைலில் காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும். கால் தரையில் தட்டுகிற கூர்மையான ஓசையை விழுங்கும். மட்டமில்லாத மெஷினை அது மட்டமாக்காது. ஒரு பக்கம் திரண்டுவிட்ட துணியைப் பிரித்துப் போடாது. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்கு ஈடாகாது. அதனால் பேடைக் கடைசிக்கு முந்தைய வேலையாக வைத்துக்கொண்டு, கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் மெஷின் எதில் சேர்கிறது என்று பாருங்கள்.

எதையும் தொடும் முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை, காலி ஸ்பின். துணி எதுவும் இல்லாமல், ஸ்பின்னை மட்டும் அதிகபட்ச வேகத்தில் ஓடவிடுங்கள். காலி டிரம் தன்னளவில் சமநிலையானது. நல்ல நிலையில் உள்ள மெஷின் அப்போது லேசாக நடுங்குவதோடு நின்றுவிட வேண்டும். காலியாக அமைதியாக ஓடி, துணி போட்டால் மட்டும் ஆடினால் கோளாறு பெரும்பாலும் துணியிலோ கால்களிலோ இருக்கிறது. காலியாகவே குதித்தால் மட்டத்தையும் மெஷினின் உட்பகுதியையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனைக்குப் பேப்பர் டேப்பும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். ஒவ்வொரு பேடின் விளிம்பையும் ஒட்டி டைலில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். காலிலிருந்து பேடின் மேல் இறங்கும்படி ஒரு சிறு கோடு போடுங்கள். வழக்கம்போல் துணி போட்டு ஒரு முறை முழுதாகத் துவைத்து முடியுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். டேப்புக்கும் பேடுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் பேடு டைலின் மேல் வழுக்குகிறது. காலில் உள்ள கோடும் பேடில் உள்ள கோடும் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் கால் பேடின் மேல் வழுக்குகிறது. நான்கில் எந்தக் கால் அதிகம் விலகியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த மூலையில்தான் விடை இருக்கும்.

மெஷின் குதிக்கும்போது கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தள்ளிநின்று நிறுத்துங்கள். கால்களைத் திருகும்போதெல்லாம் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஃபிரன்ட் லோட் மெஷின் 60, 70 கிலோ இருக்கும். அதன் எடையில் கணிசமான பங்கு உள்ளேயே கட்டியிருக்கும் கான்கிரீட் பாரத்தாலும் மோட்டாராலும் வருவது என்பதால் சாய்த்தால் சட்டென ஒரு பக்கம் தள்ளும். சாய்க்க ஒருவர், காலைத் திருக ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். தூக்கிய பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

அறிகுறி 1: பேடு டைலின் மேல் வழுக்கி, மெஷின் நகர்கிறது

*சோப்புப் படலம்.* மிக எளிய காரணம் இது. சோப்பு டிரேயிலிருந்து சொட்டியதும், தரை துடைத்த திரவமும் காய்ந்து டைலில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதன்மேல் கொஞ்சம் ஈரம் பட்டால் எந்த ரப்பரும் வழுக்கும். புதுப் பேடிலும் ஒரு சிக்கல் உண்டு: அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய வழவழப்பு சில சமயம் அடிப்பக்கத்தில் அப்படியே இருக்கும். பேடைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, சோப்பு முழுதும் போக அலசி, உலரவிடுங்கள். டைலை வெந்நீரால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். விரலால் டைலை அழுத்தி இழுத்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

*பாரம் தாங்காத கால்.* மெஷினின் மேல்பலகையில் எதிரெதிர் மூலைகளில் உள்ளங்கைகளை வைத்து மாறிமாறி அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகள். கொஞ்சமாவது "டக்" என்று ஆடினால் ஏதோ ஒரு கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. எது என்று காட்டிக்கொடுப்பது காகிதத் துண்டு. ஒருவர் மெஷினை இலேசாகச் சாய்க்க, ஒவ்வொரு பேடுக்கும் டைலுக்கும் நடுவில் விரல் அகலக் காகிதத்தை வையுங்கள். மெஷினை இறக்கியபின் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். பாரம் தாங்கும் காலடியில் காகிதம் கிழியும். தாங்காத காலடியிலிருந்து முழுசாக உருவிக்கொண்டு வரும். அப்படி உருவி வருகிற மூலையிலிருந்துதான் நகர்வு தொடங்குகிறது.

*தரையின் வாட்டம்.* மாடி வீடுகளில் மெஷின் நிற்பது பெரும்பாலும் தண்ணீர் வடிய வேண்டிய இடத்தில். அங்கே டைலை மட்டமாகப் பதிக்க மாட்டார்கள். வடிகாலை நோக்கி வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஒரு மீட்டருக்கு 10 மி.மீ. இறக்கம் என்பது சாதாரணம். கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். கால்கள் நான்கையும் ஒரே நீளத்துக்கு வைத்தால் மெஷினும் அந்த வாட்டத்திலேயே சாயும். ஒவ்வொரு ஸ்பின்னிலும் வடிகால் பக்கமே இறங்கும். உங்கள் மெஷின் எப்போதும் ஒரே திசையில், அதுவும் வடிகாலை நோக்கியே நகர்கிறதென்றால் வேறு எதையும் யோசிக்கும் முன் ரசமட்டத்தை எடுங்கள்.

மட்டம் பார்க்கும் முறையில் வரிசை முக்கியம். பேடை எடுத்துவிட்டு, வெறுங்காலோடு முதலில் மட்டம் செய்ய வேண்டும். நான்கு கால்களையும் முடிந்தவரை உள்ளே திருகி விடுங்கள். கால் எவ்வளவு குட்டையோ மெஷின் அவ்வளவு உறுதி. பிறகு தரை உயர்ந்திருக்கும் பக்கத்துக் கால்களைத் தொடாமல், தாழ்ந்த பக்கத்துக் கால்களை மட்டும் வெளியே திருகி நீட்டுங்கள். ரசமட்டத்தை முன்பின்னாக ஒரு முறை, இடவலமாக ஒரு முறை, மேல்பலகையின் விளிம்பை ஒட்டி வைத்துப் பாருங்கள். நடுப்பகுதித் தகடு சற்றே குழிந்திருக்கும், அது பொய் சொல்லும். குமிழ் நடுவில் வந்த பிறகும் மூலை அழுத்தும் சோதனையைச் செய்யுங்கள். மட்டமாக இருந்துகொண்டே மூன்று கால்களில் நிற்கும் மெஷின்களும் உண்டு.

கடைசியாக லாக் நட். ஒவ்வொரு காலிலும் இருக்கும் இந்த நட்டை மேல்நோக்கி, மெஷினின் அடித்தகட்டோடு சேர்த்து இறுக்க வேண்டும். பலர் இதைக் கீழே, காலின் தட்டோடு சேர்த்து இறுக்கிவிடுகிறார்கள். அப்போது நட் எதையும் பூட்டவில்லை. சில துவையல்களில் அதிர்வே காலைத் திருகி விட்டுவிடும். இறுக்கும்போது காலும் சேர்ந்து சுற்றாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். சில டாப் லோட் மெஷின்களில் முன்கால்கள் மட்டுமே திருகக்கூடியவை. பின்கால்கள் தாமாகவே அமர்பவை. அவற்றில் மெஷினை முன்பக்கம் சற்றுச் சாய்த்துப் பின்கால்களைத் தரையிலிருந்து எழுப்பி, மெதுவாக இறக்கினால் அவை புது மட்டத்துக்கு ஏற்ப அமரும்.

ஒரு வீட்டில் நடந்தது

மூன்றாவது மாடி. சமையலறைக்குப் பின்னால் துவைக்கும் இடம். 7 கிலோ ஃபிரன்ட் லோட் மெஷின். குழிவுள்ள ரப்பர் பேடு நான்கும் போட்டிருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு துவையலிலும் மெஷின் முன்னால் வந்து, தண்ணீர்க் குழாய் இழுபட்டு நின்றது. வாங்கிய பேடு தரம் குறைந்த சரக்கு என்பது வீட்டுக்காரரின் கட்சி.

காலி ஸ்பின்னில் மெஷின் அமைதியாகவே ஓடியது. ஆக உள்ளே கோளாறு இல்லை. டேப் சோதனையில் மூன்று பேடுகள் மிகக் கொஞ்சமே விலகியிருந்தன. முன் இடது பேடு மட்டும் விரற்கடை அளவு போயிருந்தது. காகிதம் வைத்துப் பார்த்தால் அந்த மூலைக் காகிதம் எந்த எதிர்ப்புமில்லாமல் கையோடு வந்தது. மெஷினை அப்பால் தள்ளிவிட்டு, நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் போட்டு ரசமட்டம் வைத்தோம். மெஷினின் ஆழமான 60 செ.மீ.க்குள் தரை முன்பக்கம் 6 மி.மீ. இறங்கியிருந்தது. அதோடு முன் இடது கால் நின்ற டைல் வடிகாலை ஒட்டியது; அது இன்னும் 2 மி.மீ. தாழ்ந்திருந்தது. கால் பாதி டைலிலும் பாதி இணைப்புக் கோட்டிலும் நின்றிருந்தது.

பேடுகளை எடுத்துக் கழுவினோம். மெஷினை 3 செ.மீ. பின்னுக்குத் தள்ளியதில் கால் இணைப்புக் கோட்டிலிருந்து விலகி முழு டைலுக்கு வந்தது. பின்கால் இரண்டையும் முழுக்க உள்ளே திருகினோம். அந்த மெஷினின் காலில் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நீளம் கொடுத்தது. எனவே முன் வலது காலுக்கு நான்கு சுற்று. முன் இடது காலுக்கு ஐந்தேகால். மூலைகளை அழுத்தினால் ஆட்டம் இல்லை. லாக் நட்டுகளை மேலே ஏற்றி இறுக்கி, பேடுகளைப் போட்டு, மீண்டும் காகிதம் வைத்தோம். நான்கும் கிழிந்தன.

துண்டுகளை நிறைத்து அதிகபட்ச வேகத்தில் ஓட்டியதில் டேப் இருந்த இடத்திலேயே இருந்தது. சில துவையல்களுக்குப் பிறகு முன் இடது மூலை மறுபடி இலேசாக ஆடியது. அது கோளாறு இல்லை. புது ரப்பர் பாரத்தில் அமுங்கி அமர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அரைச் சுற்று நீட்டி நட்டை இறுக்கியதும் நின்றது. பேடு போட்ட எல்லா மெஷினுக்கும் இந்த இரண்டாவது மட்டம் பார்த்தல் தேவை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டுத்தான் "முதல் வாரம் நன்றாக இருந்தது" என்கிறார்கள்.

அறிகுறி 2: பேடு அசையவில்லை, கால் அதன்மேல் வழுக்குகிறது

தட்டையான பேடுகளில் வரும் தொல்லை இது. கால் கடினமான பிளாஸ்டிக்காக இருந்து, பேடின் மேற்பரப்பும் வழவழப்பாக இருந்தால், டைலுக்குப் பதிலாகப் பேடின்மேல் நடக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. கால் உள்ளே உட்காரும் குழிவுள்ள பேடுக்கு மாறுங்கள். வாங்குமுன் காலின் தட்டை அளந்துகொள்ளுங்கள். குழிவு காலைவிடச் சில மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். அதிகம் பெரிதானால் கால் உள்ளேயே அலையும். சிறிதானால் கால் குழிவின் விளிம்பில் ஏறி நிற்கும். மேலிருந்து பார்த்தால் சரியாக உட்கார்ந்தது போலவே தெரியும், முதல் ஸ்பின்னில் சறுக்கி விழும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்.

குழிவில் தண்ணீர் தேங்குவதும் உண்டு. சொட்டு விழும் இடமாக இருந்தால் அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். கறுப்பு ரப்பர் வெளிர் டைலில் நீண்ட நாள் அழுந்தியிருந்தால் போகாத கறை விழலாம். அந்தக் கவலை இருப்பவர்கள் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பேடு பார்க்கலாம்.

அறிகுறி 3: பேடு போட்ட பிறகு ஆட்டம் கூடிவிட்டது

பேடு மிக மென்மையாக இருக்கிறது. ஸ்பாஞ்சு, நுரைப் பலகை, மடித்த சாக்கு, கம்பளத் துண்டு எல்லாமே இந்த வகை. டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டியான டப் ஏற்கெனவே உள்ளே ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வெளியிலும் மெத்து மெத்தென்று ஒன்றை வைத்தால், உள்ளே ஆடுவதற்குப் பெட்டியும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும்.

கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். விரல் எளிதாகப் புதைந்தால் அந்தப் பேடு வேண்டாம். மெஷினை ஏற்றும் முன்பும் ஏற்றிய பின்பும் ஸ்கேலால் உயரத்தை அளந்தால் இன்னும் தெளிவு. 20 மி.மீ. பேடு ஒன்றிரண்டு மி.மீ. அமுங்குவது நல்லது. பக்கவாட்டில் பிதுங்கி வயிறு தள்ளினால் அது தாங்கவில்லை.

நான்கு பேடும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஆடும் மூலைக்கு மட்டும் ஒன்றை வைப்பதும், ஒன்றின்மேல் ஒன்றை அடுக்குவதும் கூடாது. உயரம் போதவில்லை என்றால் காலைத்தான் நீட்ட வேண்டும். சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டின் மேல் மெஷினை ஏற்றி, அதற்கும் பேடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டாண்டின் மூட்டுகளில் இருக்கும் சிறு தளர்ச்சி ஸ்பின்னில் பெரிதாகும். சக்கரத்துக்கு அடியில் எந்தப் பேடு வைத்தாலும் சரியாகாது. மெஷினைத் தரைக்கு இறக்கிவிட்டு மேற்கொண்டு பாருங்கள்.

பேடின் உயரத்தால் தண்ணீர்க் குழாய் இழுபட்டு விறைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விறைத்த குழாய் மெஷினை ஒரு பக்கம் இழுக்கும். அதிர்வைச் சுவருக்கும் கொண்டுபோகும்.

அறிகுறி 4: மெஷின் நகரவில்லை, தரை ரீங்கரிக்கிறது, கீழ்வீட்டில் கேட்கிறது

இங்கேதான் பேடைப் பற்றிய எதிர்பார்ப்பு மிக அதிகம், பலன் மிகக் குறைவு. 1200 வேகத்தில் டிரம் வினாடிக்கு 20 முறை சுற்றுகிறது. தரைக்கும் வினாடிக்கு 20 உலுக்கல். பேடு ஒரு மி.மீ. மட்டும் அமுங்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால், அதன்மேல் நிற்கும் மெஷினின் சொந்த ஆட்டமே வினாடிக்கு 16 முறை அளவில் இருக்கும். இரண்டும் இவ்வளவு நெருங்கியிருக்கும்போது பேடு உலுக்கலைத் தடுக்காது. சில சமயம் கூட்டியும் கொடுக்கும். உண்மையாகவே தடுக்க வேண்டுமானால் பேடு 3 மி.மீ.க்கு மேல் அமுங்க வேண்டும். அவ்வளவு அமுங்கினால் மேலே சொன்ன ஆட்டம் வந்து சேரும். காலடிப் பேடு தடதடப்பையும் கடகடப்பையும் குறைக்கும், அடித்தளத்திலிருந்து வரும் "ம்ம்ம்" என்ற ரீங்காரத்தை அதிகம் குறைக்காது. பேடு உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

முதலில் தொடுதல்களை நீக்குங்கள். மெஷினின் முதுகோ பக்கமோ சுவரையும் மேடைப் பலகையையும் தொடக் கூடாது. சுற்றிலும் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். வடிகால் குழாய் சுவரில் அழுந்திக் கிடந்தால் விலக்குங்கள். மேல்பலகையில் இருக்கும் சோப்பு டப்பா, கிளிப்புக் கூடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பாதிச் சத்தம் அவற்றினுடையதாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது வேகம். ஒவ்வொரு தரைக்கும் பிடிக்காத வேகம் ஒன்று உண்டு. அது எப்போதும் அதிகபட்ச வேகமாக இருக்கும் என்பதில்லை. ஒரே அளவு துணியை 800, 1000, 1200 என்று மாற்றி மாற்றி ஸ்பின் செய்து, கீழ்வீட்டில் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன மூன்றாவது மாடி வீட்டில் நகர்வு நின்ற பிறகும் 1200-இல் ரீங்காரம் இருந்தது. 1000-இல் கீழ்வீட்டாருக்குத் தெரியவில்லை. துணி சற்று ஈரமாக வரும், அதுதான் விலை.

பிறகு இடம். அறையின் நடுவில் இருக்கும் தரை அதிகம் துள்ளும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், உத்தரத்தின் மேலோ அதன் அருகிலோ உள்ள தரை மிகக் குறைவாகத் துள்ளும். குழாய் எட்டுமானால் மெஷினை மூலைக்குத் தள்ளுவது எந்தப் பேடையும்விட மேல்.

அதற்கு மேலும் குறைய வேண்டுமானால் பேடுக்குப் பதிலாக மெஷினின் அடிப்பரப்பு முழுவதற்கும் அடர்த்தியான ரப்பர் விரிப்பு, அதன்மேல் தண்ணீரைத் தாங்கும் 18 மி.மீ. ஒட்டுப்பலகை, அதன்மேல் மெஷின் என்று அமைக்கலாம். பலகை மெஷினைவிட எல்லாப் பக்கமும் சில செ.மீ. பெரிதாக இருக்கட்டும். கால் உருண்டு வெளியேறாமல் ஓரத்தில் மெல்லிய மரச்சட்டம் அடித்துவிடுங்கள். டாப் லோட் மெஷினுக்கு அடியில் காற்றுவழி இருந்தால் பஞ்சு போன்ற விரிப்பு அதை அடைத்துவிடும். அங்கே கெட்டியான ரப்பர் மட்டுமே.

ஒரு டைலை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: காலடியில் இருப்பதை. நாணயத்தால் தட்டினால் மற்ற டைல்கள் "டிக்" என்றும் இது "டொக்" என்றும் ஒலித்தால் அடியில் கலவை விட்டுப்போயிருக்கிறது. அந்த டைல் முரசுத் தோல் போல ஒவ்வொரு அதிர்வையும் பெரிதாக்கும். ஒருநாள் விரிசலும் விடும். மெஷினை நகர்த்திவைக்கலாம், அல்லது பலகையால் பாரத்தைப் பரப்பலாம். பல டைல்கள் அப்படி ஒலித்தால் வேலை கொத்தனாருடையது.

அறிகுறி 5: ஸ்பின் எடுக்கும்போது "டம் டம்" என்று இடிக்கிறது

புது மெஷினாக இருந்தாலோ, அண்மையில் வீடு மாறியிருந்தாலோ முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். ஃபிரன்ட் லோட் மெஷின்களில் வண்டிப் பயணத்தின்போது டப் ஆடாமல் இருக்க மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகள் போட்டிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் டப்பின் உலுக்கல் முழுதும் நேராகத் தரைக்கு இறங்கும். மெஷின் அறை முழுக்க நடக்கும். கழற்றி, உடன் வரும் மூடியால் துளைகளை அடைத்து, போல்ட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வீட்டுக்கு மாறும்போது வேண்டும்.

அடுத்து துணி. தனியாக ஒரு கால்மிதி, ஒரே ஒரு பெரிய போர்வை, தண்ணீரைப் பிடித்துவைக்கும் மழைத்துணி, வாய் திறந்த தலையணை உறைக்குள் மற்ற துணிகளெல்லாம் சுருண்டுகொள்வது, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். கால்மிதியோடு இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்தால் டிரம்மைச் சுற்றிப் பரவும். மெஷின் ஸ்பின்னுக்குப் போகாமல் நிதானமாக உருட்டி உருட்டி நிறுத்துவது கோளாறு இல்லை. அது துணியைப் பரப்பப் பார்க்கிறது. டாப் லோடில் நிறுத்தி, கையால் பிரித்துப் போட்டு மூடினால் போதும்.

துணி சரியாகவே இருந்தும் இடித்தால் டிரம்மைக் கையால் கீழே அழுத்திச் சட்டென விடுங்கள். ஒரு முறை எழும்பி அமர்ந்தால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை துள்ளினால் தேய்ந்துவிட்டது. டாப் லோடில் டப்பை நான்கு மூலைகளிலும் அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தாலோ எதிர்ப்பில்லாமல் இறங்கினாலோ அந்தப் பக்கத்துத் தொங்குகம்பி கழன்றிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. ஸ்பின் எடுக்கும்போது சில வினாடிகள் உலுக்கிவிட்டு, வேகம் கூடியதும் அடங்குவது எல்லா மெஷினுக்கும் இயல்பு; பெட்டியில் இடிப்பதுதான் இயல்பல்ல.

ஷாக் அப்சார்பரையும் கம்பியையும் எப்போதும் ஜோடியாகவோ முழுத் தொகுதியாகவோ மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் டப் சாய்ந்தே தொங்கும். இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பேடுக்காக இனி ஒரு காசும் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி 6: வேகத்தோடு சேர்ந்து உறுமல் ஏறுகிறது, அல்லது உள்ளே கனமாக ஏதோ அடிக்கிறது

காலியாக ஓட்டினாலும் உறுமல் இருந்தால் பேரிங். டிரம்மின் வாய் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம்மும் டப்பும் சேர்ந்து அசைவது சரி. டப் நிற்க டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங்கோ, டிரம்மைப் பின்னால் தாங்கும் மூன்றுகைச் சட்டமோ போய்விட்டது. அந்தச் சட்டம் ஸ்பின்னின்போது முறிந்தால் டிரம் டப்பைக் கிழித்துவிடும். அன்றோடு மெஷினை நிறுத்திவிடுங்கள். "இந்த ஒரு துவையல் மட்டும்" வேண்டாம்.

கனமான இடிச்சத்தத்தோடு அடியில் சாம்பல் நிறப் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே கட்டியிருக்கும் கான்கிரீட் பாரத்தின் போல்ட் தளர்ந்து, பாரம் உரசுகிறது. இதற்கும் உடனே நிறுத்த வேண்டும். நட்டை இறுக்குவதோடு முடிந்தால் சின்ன வேலை. பாரம் விரிசல் விட்டிருந்தால் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் தொலைபேசியில் "மெஷின் ஆடுகிறது" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பாகம் வாங்க மறுபடி போவார். காலி ஸ்பின்னில் என்ன ஆயிற்று, அழுத்திவிட்ட டிரம் எத்தனை முறை துள்ளியது, விளிம்பைப் பிடித்து அசைத்தபோது டிரம் தனியாக ஆடியதா, மெஷினின் மாடல் எண் என்ன என்ற நான்கையும் சொல்லுங்கள். மாடல் எண் ஃபிரன்ட் லோடில் பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பிலும், டாப் லோடில் முதுகிலும் ஒட்டியிருக்கும்.